ஆடிக்குப் பின்னால் முப்பது சென்டிமீட்டர்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அம்புக்குறி டீச்சர் என்று பேர். கதிர்ப்படம் வரைகிற பிள்ளைகள் கோட்டைப் போட்டுவிட்டு, ஒளி எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறி போடாமல் விட்டால் அரை மார்க் குறைத்துவிடுவாள். எவ்வளவு கெஞ்சினாலும் அந்த அரை மார்க் திரும்பி வராது. "அம்பு இல்லாத கோடு வெறும் கோடு. அது கதிர் இல்ல" என்பாள். பிள்ளைகள் அவள் நடந்துபோகும்போது காற்றில் அம்பு வரைந்து சிரிப்பார்கள். அவளுக்கும் தெரியும். தெரியாத மாதிரி போவாள்.

பதினெட்டு வருஷம் அங்கே இயற்பியல் எடுத்தாள். ஒளியியல் பாடத்துக்கென்று தன் கையாலேயே நாற்பது கணக்கு எழுதி வைத்திருந்தாள். ஆடி இருபது, லென்ஸ் இருபது. ஒவ்வொன்றுக்கும் படம். எல்லோரும் பொருளை ஓர் அம்பாக வரைவார்கள். அவள் மட்டும் மடக்கிய குடையாக வரைவாள். அம்பு என்றால் கதிரின் அம்போடு குழம்பும், குடையென்றால் வளைந்த பிடி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்த்த உடனே பிம்பம் நேரா தலைகீழா தெரிந்துவிடும் என்பது அவள் கணக்கு. அந்த நாற்பது தாளையும் ஆண்டுக்கு ஆண்டு திருத்தித் திருத்தி, மை மங்கிய இடத்தில் மறுபடி எழுதி வைத்திருந்தாள்.

பிறகு பள்ளியில் நுழைவுத் தேர்வுக்கென்று சிறப்புப் பிரிவு வந்தது. நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற தேர்வுக்குப் படம் எதற்கு என்றார்கள். "சமன்பாட்டுல போட்டா விடை வந்துடுதே டீச்சர், கோடு போட்டுக்கிட்டிருக்க நேரம் எங்க இருக்கு?" என்று நிர்வாகி கேட்டார். அவள் கோபத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். கூப்பிட்டுச் சமாதானம் பேசுவார்கள் என்று நினைத்தாள். கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு, "அலமாரிச் சாவியைக் குடுத்துட்டுப் போங்க" என்றார்கள். அவ்வளவுதான். நாற்பது தாளும் அந்த அலமாரியிலேயே இருந்தது. அவளுக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்து, "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே திரிந்து பாடம் நடத்தக் கற்றுக்கொண்ட ஒருத்தர், பிள்ளைகள் வாயில் சின்ன சார், அவர்தான் இப்போது துறைத்தலைவர்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா சீக்கிரம் போய்ச் சேர்ந்ததால் தங்கையை வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக்கொடுத்தது அவள்தான். வேலை போனபின் தங்கை வீட்டுப் பின்கட்டு அறைக்கு வந்து சேர்ந்தாள். ஒரு கட்டில், ஒரு மேசை, துணி காயப் போடுகிற கொல்லையைப் பார்த்து ஒரு ஜன்னல். "இது உன் வீடுதானேக்கா" என்று தங்கை வாரத்துக்கு ஒரு தடவை சொல்வாள். தன் வீடாக இருந்தால் யாரும் அதைச் சொல்ல வேண்டியிருக்காது.

அந்த அறையில் உட்கார்ந்துதான் இப்போதைய வேலை. மாணவர்கள் கேள்வியைப் போனில் படமெடுத்து ஒரு செயலியில் போடுவார்கள். இந்தப் பக்கம் முகம் தெரியாத ஆசிரியர்கள் உட்கார்ந்து விடை எழுத வேண்டும். யார் கேட்டது, யார் எழுதியது என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியாது. விடை பிடித்திருந்தால் ஐந்து நட்சத்திரம், பிடிக்காவிட்டால் ஒன்று. வந்து விழுகிற படங்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று இருக்கும். பாதி கேள்வி வெட்டுப்பட்டிருக்கும், பக்கம் சாய்ந்திருக்கும், கழித்தல் குறி மடிப்புக்குள் போயிருக்கும், கட்டைவிரல் நிழல் எண்ணை விழுங்கியிருக்கும். அவள் மற்றவர்களைப் போல அடித்துத் தள்ளமாட்டாள். படத்தைப் பெரிதாக்கி, அது கழித்தல் குறியா காகிதச் சுருக்கமா என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பாள்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல். சோறு உண்ட மயக்கத்தில் வீடு அமைதியாக இருந்தது. ஒரு படம் வந்தது. குழியாடி, குவியத் தொலைவு பதினைந்து சென்டிமீட்டர், பொருள் இருக்கும் தூரம் பத்தோ பதினாறோ, விரல் நிழல் விழுந்து தெரியவில்லை. கதிர்ப்படம் வரைந்து, குறியீட்டு மரபைப் பின்பற்றி பிம்பத்தின் இடம், தன்மை, உருப்பெருக்கம் காண்க.

பத்தா, பதினாறா? இரண்டுக்கும் விடை வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம். பதினாறு என்றால் பொருள் குவியத்துக்கு வெளியே, பிம்பம் ஆடிக்கு முன்னால் எங்கோ தொலைவில் தலைகீழாக விழும். பத்து என்றால் குவியத்துக்கு உள்ளே. கேள்வியோடு இருந்த சின்னப் படத்தைப் பார்த்தாள். பொருள் குவியத்துக்கும் ஆடிக்கும் நடுவில் நின்றது. பத்துதான். உறுதி செய்துகொள்ள இன்னும் பெரிதாக்கினாள்.

பொருள் ஒரு மடக்கிய குடை.

அவளுடைய பதினோராவது கணக்கு. பிடியின் வளைவு, கம்பியின் முனை, ஆடிக்குப் பின்னால் சாய்வாகப் போட்ட கோடுகளின் இடைவெளி, எல்லாம் அவள் கை. ஒரே ஒரு வித்தியாசம். அவள் ஆடியை வலப்பக்கம் வைத்திருந்தாள், பொருள் இடப்பக்கம். இதில் படத்தை அப்படியே இடம்வலமாகப் புரட்டியிருந்தார்கள். குடைப்பிடிகூட எதிர்ப்பக்கம் வளைந்திருந்தது. எழுத்துகளை மட்டும் புதிதாக அச்சடித்து, தாளின் தலையில் தொகுப்பாசிரியர் என்று துறைத்தலைவர் பேர். திருடினவன் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

அடுத்து அவள் கண்ணில் பட்டது தாளுக்கு அடியில் கிடந்த துணி. வெளிர்ப்பச்சை இலை போட்ட படுக்கை விரிப்பு. ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட பழுப்பு வட்டம். அன்று காலையில் அவள்தான் அதை முன்னறைக் கட்டிலில் விரித்தாள்.

முன்னறையில் இருப்பது தங்கை மகள். வீட்டில் எல்லோருக்கும் பாப்பா. பதினாறு வயது, அதே பள்ளி, சிறப்புப் பிரிவுக்கு முயற்சி செய்துகொண்டிருந்தாள். அந்தப் பிரிவுக்கான தேர்வில் இந்தப் பயிற்சித்தாளுக்கும் மார்க் உண்டு என்று சாப்பிடும்போது சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு கதவு தள்ளி, பதினெட்டு வருஷம் ஒளியியல் எடுத்தவள் உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை படமெடுத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறது.

எழுந்து கதவுவரை போனாள். கேட்கவேண்டுமென்றால் அவளே வந்திருப்பாளே என்று தோன்றியதும் திரும்பி வந்து உட்கார்ந்தாள். முன்பின் தெரியாத பிள்ளைக்கு எழுதுவதைப் போல எழுதினாள்.

தாளின் மேலேயே மரபு அச்சாகியிருந்தது: தூரங்களை ஆடிமையத்திலிருந்து அளக்க வேண்டும், படுகதிர் செல்லும் திசையில் அளப்பவை ப்ளஸ், எதிர்த்திசையில் அளப்பவை மைனஸ். "இந்தப் படத்தில் பொருள் வலப்பக்கம் இருக்கிறது. ஒளி வலமிருந்து இடமாகப் போகிறது. ஆகவே இங்கே இடப்பக்கம்தான் ப்ளஸ். இடம் என்றாலே மைனஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டாம்" என்று முதலில் எழுதினாள். பொருளும் குவியமும் ஒளி வருகிற பக்கத்தில் இருப்பதால் பொருள் தூரம் மைனஸ் பத்து, குவியத் தொலைவு மைனஸ் பதினைந்து. சமன்பாட்டில் போட்டால் பிம்பத் தூரம் ப்ளஸ் முப்பது. ஆடிக்குப் பின்னால் முப்பது சென்டிமீட்டர். மாயபிம்பம், நேரானது, மூன்று மடங்கு பெரியது.

பிறகு படம். குடையின் உச்சியிலிருந்து அச்சுக்கு இணையாக ஒரு கதிர், ஆடியில் பட்டுக் குவியம் வழியாகத் திரும்புகிறது. வளைவு மையத்திலிருந்து வருவதைப் போல உச்சியைத் தொட்டுக்கொண்டு இன்னொரு கதிர், ஆடியில் செங்குத்தாகப் பட்டு வந்த வழியே திரும்புகிறது. திரும்பிய இரண்டும் முன்னால் சேரவே சேராது, விரிந்துகொண்டே போகும். பின்னால் புள்ளிக்கோடாக நீட்டினால் ஓரிடத்தில் சேரும். அங்கே பெரிய குடை, பிடி மேலே. அம்புக்குறி எல்லாம் போட்டு அனுப்பினாள். ஐந்து நட்சத்திரம் வந்தது. மனசுக்குள் ஏதோ ஒன்று கொஞ்சம் ஆறினது மாதிரி இருந்தது.

புதன்கிழமை அந்த ஐந்து ஒன்றானது. கூடவே ஒரு வரி: "தப்பான விடை. சார் கீயில மைனஸ் 30. நாலு மார்க் போச்சு." கீழே அந்தக் கீயின், சார் கொடுத்த விடைக்குறிப்பின் படம். அதே இலை விரிப்பு.

விடைக்குறிப்பைப் படித்தாள். நடந்தது அவளுக்குப் பட்டென்று புரிந்துவிட்டது. படத்தைப் புரட்டியவர், பழக்கத்தில் வலப்பக்கம் ப்ளஸ் என்று வைத்துக்கொண்டு ப்ளஸ் பத்து, ப்ளஸ் பதினைந்து என்று போட்டிருந்தார். மைனஸ் முப்பது வந்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி மைனஸ் என்றால் இடப்பக்கம், அதாவது ஆடிக்குப் பின்னால்தான். அதோடு விட்டிருந்தால்கூட மரபை மீறியதுதான் குற்றம், இடம் சரி. ஆனால் கடைசி வரியில் மறுபடி மனப்பாடத்துக்குத் தாவி, "பிம்பத் தூரம் மைனஸ், ஆகவே ஆடிக்கு முன்னால், மெய்பிம்பம், தலைகீழானது" என்று முடித்திருந்தார். இரண்டு வரி மேலே உருப்பெருக்கம் ப்ளஸ் மூன்று என்று அவரே எழுதியிருந்தார். ப்ளஸ் என்றால் நேர் என்று எட்டாவது படிக்கிற பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஒரு தாளுக்குள்ளேயே ஒரு வரி இன்னொரு வரியைப் பொய் என்றது. கதிர்ப்படம் போட்டுப் பார்த்திருந்தால் அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். கீயில் படம் இல்லை.

மறுநாள் செயலியின் மேற்பார்வைப் பெண் போன் செய்தாள். குரலுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும்.

"அக்கா, ஒரே கேள்விக்கு ஏழு புகார் வந்திருக்கு. கீயோட ஒத்துப்போற மாதிரி விடையை மாத்திடுங்க."

"கீ தப்பும்மா."

"இருக்கலாம்க்கா. ஆனா பிள்ளைங்களுக்கு வேண்டியது மார்க்குதானே. மத்தவங்க எல்லாம் மாத்திட்டாங்க. நீங்க மட்டும்தான் மாத்தாம இருக்கீங்க."

"மத்தவங்க மாத்தினா பிம்பம் முன்னால வந்துடுமா?"

அந்தப் பெண், "எனக்கு இயற்பியல் தெரியாதுக்கா. எனக்கு நட்சத்திரம்தான் தெரியும்" என்றாள். மாற்றுகிறவரை அவளுடைய செயலிக் கணக்கு நிறுத்திவைக்கப்படும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் பாப்பா பள்ளியிலிருந்து வந்தபோதே முகம் வீங்கியிருந்தது. பட்டியல் போட்டுவிட்டார்கள். முப்பது பேர். அவள் முப்பத்திரண்டாவது. அந்த நாலு மார்க் இருந்திருந்தால் உள்ளே.

"எவனோ ஒரு முட்டாள் எழுதிக் குடுத்ததை நம்பி இருந்தா இப்படித்தான்" என்றாள் தங்கை. "ஆப்ல உக்காந்திருக்கறவனுக்கு என்ன அக்கறை இருக்கும்?"

"அது நான்தான்" என்றாள் அக்கா.

தங்கை கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்தாள். பாப்பா நிமிர்ந்து பார்த்தது.

"விரிப்பைப் பாத்தப்பவே தெரியும் எனக்கு. நான் எழுதினது சரி. கீதான் தப்பு. ஏன் பாப்பா, என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே?"

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. "உங்ககிட்ட கேட்டா முதல்லருந்து கோடு போடச் சொல்வீங்க பெரியம்மா. எனக்கு விடை மட்டும்தான் வேணும்."

தங்கைக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "தெரிஞ்சே எழுதினியாக்கா? பிள்ளைன்னு தெரிஞ்சுமா? அந்த ஸ்கூல்ல என்ன மாதிரி திருத்துவாங்கன்னு உனக்குத் தெரியாதா? உன் நேர்மைக்கு என் பிள்ளைதான் கிடைச்சாளா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, சோற்றைக் கிளறினவள் மேல்தான் பழி என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்குப் போனாள். காவலாளி அடையாளம் கண்டு சலாம் போட்டான். துறைத்தலைவர் ஆய்வகத்தில் இருந்தார். "வாங்கக்கா" என்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மரியாதையில் குறை சொல்ல முடியாது.

அவள் உட்காரவில்லை. குழியாடிகள் எந்தத் தட்டில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றை எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் நின்ற தண்ணீர்த்தொட்டியின் பிம்பத்தை ஒரு வெள்ளைத்தாளில் பிடித்தாள். தலைகீழாகத் தெளிவாக விழுந்ததும் அளவுகோலை வைத்தாள். பதினைந்து. பிறகு ஆடியைத் தாங்கியில் நிறுத்தி, பத்து சென்டிமீட்டரில் ஒரு பென்சிலை நட்டாள்.

"பாருங்க சார். தலைகீழா இருக்கா?"

அவர் குனியவே இல்லை.

"தெரியும்க்கா. நேத்து பட்டியல் போட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. ஒரு பொண்ணு படத்தோட வந்து கேட்டுச்சு. கீயைச் சரிபாக்காம அச்சுக்குக் குடுத்துட்டேன்."

"அப்ப திருத்துங்க."

"எப்படித் திருத்தறது? ஒம்பது பேருதான் ப்ளஸ் முப்பது போட்டிருக்காங்க. திருத்தினா பட்டியலே மாறும். உள்ள வந்தவங்க நாலஞ்சு பேரு வெளிய போவாங்க. அவங்க அப்பா அம்மா சும்மா இருப்பாங்களா? இந்தக் கணக்கையெல்லாம் சேத்துப் புத்தகம் வேற வெளிவந்துடுச்சு, எல்லாக் கிளைக்கும் போயாச்சு."

"என் புத்தகம்."

அவர் மேசை மேலிருந்த பென்சில் தூளை விரலால் ஒதுக்கினார். "நீங்க விட்டுட்டுப் போனதுதானேக்கா. அலமாரியில பூச்சி அரிச்சிருக்கும். நான் நாலு பிள்ளைங்களுக்குப் பயன்படட்டும்னு எடுத்தேன்."

"பயன்படத்தான் புரட்டிப் போட்டீங்களா?"

கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பாப்பா ரெண்டு இடத்துலதானே தவறிப்போச்சு. அவ தாளை மறுபடி பாத்ததா ஒரு குறிப்பு எழுதி, முப்பத்தோராவது ஆளா சேத்துக்கலாம். நிர்வாகத்துல நான் பேசிக்கறேன். நீங்க இதை இத்தோட விட்டுடுங்க."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. மிரட்டுவார், மறுப்பார் என்று தயாராகத்தான் வந்திருந்தாள். மறுத்தால் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதிப் பையில் வைத்திருந்தாள். படம், மரபு, அவருடைய உருப்பெருக்கமே அவரைக் காட்டிக்கொடுக்கிற வரி, எல்லாம் அதில் இருந்தது.

"மத்த எட்டுப் பேரு?"

"அவங்க யாரும் கேக்கலையே."

"ஒருத்தி கேட்டான்னு இப்பதானே சொன்னீங்க."

"அந்தப் பொண்ணுக்கு எடுத்துச் சொல்லிட்டேன். இந்தப் பயிற்சிக்கு வேற மரபுன்னு."

வேற மரபு. பதினெட்டு வருஷத்தில் அவள் சொல்லிக்கொடுத்த ஒரே விஷயம், எந்த மரபை எடுத்தாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அதை விடாதே என்பதுதான். அதைச் சொல்ல வாயெடுத்தாள். பையில் போன் அதிர்ந்தது. தங்கை. எடுத்தாள்.

"அக்கா, நீ அங்கதானே இருக்கே? சண்டை போடாதே. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். பாப்பா ராத்திரியிலருந்து ஒண்ணும் சாப்பிடலை."

ஆடியில் பென்சில் மூன்று மடங்காக, நேராக நின்றுகொண்டிருந்தது. அவள் ஆடியைத் தாங்கியிலிருந்து எடுத்துத் துடைத்து, அதே தட்டில் வைத்தாள்.

"குறிப்பை இன்னிக்கே எழுதிடுங்க" என்றாள்.

துறைத்தலைவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். படிக்கட்டில் இறங்கும்போது எதிரே ஒரு பெண் ஏறி வந்தாள். கையில் அந்தப் பயிற்சித்தாள், சிவப்பு மையால் குறுக்கே அடித்தது. படத்தோடு வந்து கேட்ட பெண்தானா, வேறு யாராவதா, அவள் கேட்கவில்லை. ஒதுங்கி வழிவிட்டாள்.

திங்கட்கிழமை பாப்பா சிறப்புப் பிரிவில் உட்கார்ந்தது. வீட்டில் தங்கை அக்காவுக்குப் பிடித்ததாகச் சமைத்தாள். "நீ நினைச்சா எதையும் சாதிப்பேக்கா" என்றாள். அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். செயலிக்காரர்களுக்கும் எழுதிப்போட்டாள்: விடையை மாற்றிவிட்டேன், இனி ஒளியியல் கேள்வி அனுப்ப வேண்டாம், வெப்பமும் மின்சாரமும் அனுப்புங்கள். கணக்கைத் திறந்துவிட்டார்கள். மாற்றிய அன்றைக்கே அந்த விடைக்கு ஐந்து நட்சத்திரம் வந்தது.

பாப்பாவுக்குத்தான் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. தன்னை எப்படிச் சேர்த்தார்கள் என்று இரண்டு வாரத்தில் எப்படியோ தெரிந்துகொண்டுவிட்டது. ப்ளஸ் முப்பது போட்டு வெளியே நின்ற எட்டுப் பேரில் ஒருத்தி அதன் பக்கத்து இருக்கைக்காரியாக இருந்தவள். இப்போது பேசுவதில்லை. ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் வந்து, "அவளோடதும் சரிதானே பெரியம்மா? படம்கூட அவ என்னைவிட நல்லாப் போட்டிருந்தா" என்றது.

"சரிதான்."

"அப்ப அவ மட்டும் ஏன் வெளிய?"

பெரியம்மா இலை விரிப்பின் இரண்டு முனையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிள்ளை கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டது.

அதற்கு அடுத்த மாதம், ஒரு விடுமுறை நாள் முற்பகலில், பாப்பா முதல் தடவையாகத் தாளும் பென்சிலுமாகப் பின்கட்டு அறைக்கு வந்தது. போனை எடுத்து வரவில்லை. குழிலென்ஸ், குவியத் தொலைவு இருபது, பொருள் முப்பதில். கதிர்ப்படத்தைத் தானாகவே போட்டிருந்தது. அச்சுக்கு இணையாக வந்த கதிர் லென்ஸைத் தாண்டி விரிந்துபோகிறது, பின்னோக்கி நீட்டிய புள்ளிக்கோடு பொருள் இருக்கும் பக்கத்துக் குவியத்தைத் தொடுகிறது, லென்ஸின் நடுவே போன கதிர் வளையாமல் போகிறது. சேருமிடத்தில் சின்ன பிம்பம், நேராக. பிம்பத் தூரம் மைனஸ் பன்னிரண்டு. உருப்பெருக்கம் ப்ளஸ் 0.4. ஒவ்வொரு கதிரிலும் அம்புக்குறி. ஒரு குற்றம் சொல்ல முடியாது. அப்படி ஒரு தாளை அவள் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"இதுல மைனஸ் சரியா பெரியம்மா? எனக்குச் சரின்னுதான் படுது. நீங்க ஒரு தடவை பாருங்களேன்."

அவள் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"கீயில என்ன போட்டிருக்கு?"

"கீ இன்னும் தரலை."

"வரட்டும். வந்ததும் அதைப் பாத்து எழுதிக்கோ."

பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தது. கேலி பேசுகிறாளா என்று தேடியது போல இருந்தது. பெரியம்மா மேசைப்பக்கம் திரும்பி, கம்பிச்சுருளில் எவ்வளவு மின்னோட்டம் என்று கேட்டு வந்திருந்த ஒரு படத்தைப் பெரிதாக்கத் தொடங்கினாள். பாப்பா தாளை இரண்டாக மடித்து, பிறகு நான்காக மடித்து, கையில் வைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனது.